புதன்கிழமை வந்த வெள்ளிக்கிழமைப் படம்

திண்டுக்கல்
ஆவணி 10

அன்பு மகள் தீபாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று எழுதுவதே சரியாக இருக்கும். கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். என் போனை உன் அம்மா எடுத்துப் பார்ப்பாள், பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவளைப் பற்றி உன்னிடம் தனியாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. மற்றபடி மழை இல்லை, ஆத்தூர் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது, குடம் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. உன் தம்பி சிவபிரகாஷ் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறான்.

சித்திரை மாதம் நம் குடும்பக் குரூப்பில் நீ எழுதினாயே, பெரியவர்கள் காலை வணக்கப் படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், முக்கியமான செய்தி எல்லாம் மேலே போய்விடுகிறது, போனும் நிரம்புகிறது என்று. தப்பில்லை. கடல் தாண்டி அங்கே உனக்கு அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம், அப்போது வந்து காலை வணக்கம் சொன்னால் யாருக்கும் சலிப்புத்தான். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள், நானும் போட்டேன். உன் அம்மா அதைப் படித்துவிட்டு மறுநாள் எதுவும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் வடமதுரையிலிருந்து உன் பேச்சாயி சித்தி போன் போட்டு, "ஏங்க்கா, எம்மேல என்ன கோவம், ரெண்டு நாளா ஒண்ணையும் காணோமே" என்று அழாத குறை. அன்றைக்குத்தான் எனக்கும் புரிந்தது. மில்லில் முப்பத்தோரு வருடம் ஷிப்ட் பார்த்த உடம்பு எனக்கு, நாலு மணிக்கு மேல் தூக்கம் வராது. அவளுக்கும் அப்படியே. எழுந்து என்ன செய்ய, யாரைக் கூப்பிட. உன்னைக் கூப்பிட்டால் வேலையில் இருப்பாயோ, உன் தம்பியைக் கூப்பிட்டால் தூங்குவானோ என்று யோசனை. படம் என்றால் யாரையும் தொந்தரவு பண்ணாது, பார்க்கிறபோது பார்த்துக்கொள்ளட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் நாலு வார்த்தை தட்ட அவளுக்கு அரை மணி நேரம் ஆகும், படம் ஒரே அழுத்தில் போய்விடும். சித்தி அனுப்பினால் பதிலுக்கு இவள் அனுப்ப வேண்டும், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போகிற மாதிரி. அனுப்பாவிட்டால் கோபம், இல்லை உடம்புக்கு என்னவோ. பிறகு அனுப்பிய படத்தை அழுத்திப் பிடித்து, யார் யார் பார்த்தார்கள் என்று பெயர் பெயராகப் பார்ப்பாள். உன் பெயர் மேல் வரிசைக்கு வந்துவிட்டால், "பாப்பா பாத்துட்டா, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து காப்பி போடுவாள். நீ பதில் போடாத நாட்களிலும் அது நடந்தது.

ஒரு வாரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டாள், நீயும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டாய். அவளுக்கு அதில் ஒரு முறை உண்டு. திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் குரு, வெள்ளி லட்சுமி, புதனும் சனியும் பெருமாள், ஞாயிறு வெறும் பூ. கோயில் குரூப்பில் வருவதை அப்படியே தள்ளிவிட மாட்டாள். பலமுறை கைமாறிய படத்தை ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கு மேல் அனுப்பப் போன் விடாது, எங்கிருந்தோ வந்தது என்று மேலே ஒரு குறியும் விழும். அதனால் போனில் இறக்கி வைத்துக்கொண்டு அங்கிருந்து அனுப்புவாள், நாமே அனுப்பியதாக இருக்க வேண்டுமாம். அப்படிப்பட்டவள் ஆனி மாதம் ஒரு புதன்கிழமை லட்சுமி படத்தை இனிய வெள்ளி என்று அனுப்பினாள். உனக்கு அங்கே எப்போதுமே ஒரு நாள் முந்தைய கிழமை என்பதால் நீ கவனித்திருக்க மாட்டாய். சிவபிரகாஷ் சிரிப்புப் பொம்மை போட்டான், நானும்கூடச் சிரித்தேன். அந்த வாரமே மறுபடி கிழமை மாறியது. பிறகு ஒரே முருகன் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை போனார். ஆடி பிறந்த இரண்டாம் நாள் பொங்கல் வாழ்த்து. அதற்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். சித்தி மட்டும் எனக்குத் தனியாகப் போன் போட்டு, "மாமா, அக்காவைச் செத்த கவனிங்க, அவ கிழமை தப்புறவ இல்ல" என்றாள்.

மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினேன், உன்னிடம் கோயிலுக்குப் போனதாகச் சொன்னேன். அவர் இன்றைக்கு என்ன கிழமை அம்மா என்று கேட்டார். உன் அம்மா கைப்பையைத் திறந்து, "இருங்க சார், குரூப்பப் பாத்துச் சொல்றேன்" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. மறதி நோய், ஆரம்பம்தான், மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப் போடலாம், மாற்ற முடியாது என்றார். தீபா, இதை ஒரு மாதமாக உன்னிடம் மறைத்தது என் குற்றம்.

இன்னொரு குற்றமும் உண்டு. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று, அவள் எழுவதற்கு முன்பே அவள் போனை எடுத்து அந்தந்தக் கிழமைக்கு உரிய படத்தை நானே அனுப்ப ஆரம்பித்தேன். மருந்தால் அவளுக்குத் தூக்கம் கூடிப்போனது, அது எனக்கு வசதியாக இருந்தது. ஆடி பாதியிலிருந்து அம்மா அனுப்பியதாக நீ பார்த்த காலை வணக்கம் எல்லாம் என் வேலை. எல்லோரும் அவள் தேறிவிட்டாள் என்று நம்பினார்கள். போன வெள்ளிக்கிழமை அவள் எழுந்து, சரியாக லட்சுமியைத் தேடி எடுத்துக்கொண்டு குரூப்பைத் திறந்தாள். அங்கே அவள் பெயரில் ஏற்கெனவே லட்சுமி இருந்தது. "இத நான் எப்பங்க அனுப்புனேன்" என்று கேட்டாள். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இப்பத்தானே அனுப்புன, மறந்துட்டியா என்றேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள், அன்று முழுக்க அடுப்பைப் பற்ற வைக்கவும் பயந்தாள். கிழமை சரியாக நினைவிருந்த ஒரு நாளை நானே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன். மறுநாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துத் தலையை ஆட்டினாள். எனக்கு மிகவும் அசதியாக இருக்கிறது தீபா.

அன்றோடு நிறுத்திவிட்டேன். இனி வருவதெல்லாம் அவள் அனுப்புவது. கிழமை மாறி வரும், தீபாவளி வாழ்த்து தையில் வரும், ஒரே படம் நாலு தடவை வரும். யாரும் திருத்த வேண்டாம், சிவபிரகாஷுக்கும் சித்திக்கும் நானே சொல்லிவிட்டேன். அங்கிருந்து ஓடிவா என்று நான் சொல்லவில்லை. உன் வேலை, குடித்தனம் எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றுதான் கேட்கிறேன். அவள் எந்தப் படத்தை அனுப்பினாலும் கட்டைவிரல் போடாதே, எழுதவும் எழுதாதே, வாசிப்பதற்குள் யார் எழுதியது என்று தடுமாறுகிறாள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, அவள் படத்துக்குப் பதிலாக வாயைத் திறந்து அம்மா என்று பேசி அனுப்பு. உன் குரல் மட்டும் அவளுக்கு இன்னும் உடனே தெரிகிறது.

இப்படிக்கு
உன் அப்பா
தங்கமுத்து