அரைக்காத மிளகாய்

முதலாளி,

ஆளைக் கேட்காமல் காகிதத்தை நம்பினீர்கள். நீங்கள் எனக்குச் செய்த தவறு அதுதான். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதற்காக அதைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கிறவரிடம் சொல்ல வேண்டியதை இல்லாதவரிடமும் அப்படியே சொல்வதுதான் மரியாதை.

இன்று காலையில் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்திருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்த வாசம் வேலி தாண்டி வந்ததும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு நின்றுவிட்டேன். பல்லடத்தில் உங்கள் கடைக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் அடிக்கும் வாசம் அது. பருத்திக்கொட்டை ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம், நடுவில் தராசு, தராசுக்குப் பின்னால் நான். கல்லாவில் நீங்கள். வந்தவர் புண்ணாக்கை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தால், நீங்கள் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "நானே திங்கறேன், உங்க எருமைக்கு என்னங்க கேடு?" என்பீர்கள். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், தினமும் கேட்ட பேச்சுதான் என்றாலும்.

என்னை நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கண்ணு" என்பீர்கள். கோபம் வந்தால் மட்டும் "ஏப்பா" ஆகும். மதியம் உங்கள் வீட்டிலிருந்து வரும் தூக்குச்சட்டியில் எனக்கென்று ஒரு கிண்ணம் ரசம் கூடவே இருக்கும். இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மறக்க முடிந்திருந்தால் எழுதவே வேண்டியிருக்காது.

ஒரு வாரம் பருத்திக்கொட்டை லாரியில் ஒரு மூட்டை குறைந்தது. இறக்கி எண்ணியவன் நான். சந்தை நாள், கடை நிறைய ஆள். நீங்கள் கல்லாவில் இருந்தபடியே, "ஏப்பா, உன்ற ஊட்டு எருமை ரொம்பக் கொழுத்துப் போச்சாட்டருக்குது!" என்றீர்கள். அன்றைக்கும் கடை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் லாரிக்காரர் வந்து, மூட்டையைத் தவறுதலாக வேறு கடையில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். அவர் போனபின் நீங்கள் என்னைப் பார்த்து, "கெடச்சுப் போச்சு கண்ணு" என்றீர்கள். அப்போது கடையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். பழி சொன்னது கூட்டத்தில், கழுவியது தனிமையில். அதற்குப் பிறகு நான் உங்களோடு பேசவில்லை. கேட்டதற்கு "உம்" என்றேன். நீங்களும் அதையே பதிலாகத் தந்தீர்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு லீவு தேவைப்பட்டது.

உங்கள் கடையில் லீவு கேட்க ஒரு முறை இருந்தது. காலையில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு நீங்கள் உட்கார்ந்ததும், கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். "ஏனுங்க முதலாளி, நாளைக்கு ஒரு சோலிங்க" என்று தொடங்க வேண்டும். என்ன சோலி, யார் வீட்டில், எந்த ஊர் என்று நீங்கள் துருவுவீர்கள். லோடு வருகிறதா, தராசில் யாரை நிறுத்துவது என்று யோசிப்பீர்கள். கடைசியில் "செரி, போயிட்டு வெரசா வந்து சேரு" என்பீர்கள். பேச்சை நிறுத்தியவன் எப்படி வந்து நிற்பேன்? பேசாமல் லீவு வாங்க எழுத்து வேண்டும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது.

பக்கத்து வீட்டு அண்ணன் பத்திர ஆபீசுக்கு எதிரே டைப் அடிப்பவர். மரத்தடியில் ஒரு மேசை, ஒரு தமிழ் டைப்ரைட்டர், மைப் பெட்டி. மனு எழுத வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். நானும் போய் நின்றேன்.

"ஏப்பா, லீவுக்கு எதுக்கு டைப்பு? நேர்ல கேட்டாப் பத்தாதா?"

"காயிதத்துல குடுக்கோணுங்கண்ணா."

"காரணம் என்னன்னு போடட்டும்?"

என் சம்சாரத்துக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் பெண்களின் உடம்புக்கு மருந்து கொடுப்பார்கள், கயிறு கட்டுவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அத்தனை பேர் நிற்கும் மரத்தடியில் இதை எப்படிச் சொல்வது?

"ஆனைமலைக்குப் போறோம்னு போடுங்கண்ணா. ரெண்டு நாளு."

அவர் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே கார்பன் வைத்து உருளையில் செருகினார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று அவர் விரல் தானாக ஓடியது. தாசில்தாருக்கும் உங்களுக்கும் அந்த விரலுக்கு வித்தியாசம் தெரியாது. அடித்து முடித்து ஒரே மூச்சில் படித்துக் காட்டினார். கோயில் பேரும் ரெண்டு நாளும் காதில் விழுந்தன. மற்றதெல்லாம் சர்க்கார் தமிழ், நான் தலையாட்டினேன். கீழே என் இடது பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினார். மேல் தாளை என்னிடம் தந்தார். கார்பன் நகலைத் தன் கட்டில் குத்திக்கொண்டார். அவர் எதற்கும் நகல் வைப்பார்.

மறுநாள் நீங்கள் வருவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கல்லா மேசையில் வைத்து, தராசுப் படிக்கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று பிறகு நான் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். "ஆனைமலை அருள்மிகு மாசாணியம்மன் சன்னிதிக்கு நான் செல்ல இருப்பதால் இரண்டு நாட்கள் விடுப்பு வேண்டுகிறேன்." அதோடு நின்றிருந்தால் எல்லாம் நன்றாகப் போயிருக்கும். அண்ணன் அடிக்கும் எல்லா மனுவுக்கும் ஒரு கடைசி வரி உண்டு. பட்டா மனுவானாலும் ரேஷன் மனுவானாலும் அந்த வரி இல்லாமல் தாளை உருவமாட்டார். "எனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குத் தக்க நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறேன்." அதையும் அடித்துவிட்டார். அதற்கு அடியில் என் கைநாட்டு.

நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அநியாயம் செய்யப்பட்டவர்கள் ஆனைமலைக்குப் போய் வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். செய்தவன் உடம்பு எரியும் என்பார்கள். நியாயம் கிடைத்ததும் திரும்பப் போய் எண்ணெய் ஊற்றி அம்மனைக் குளிர்விப்பார்கள். நீங்கள் படித்தது ஒரு லீவு லெட்டர் இல்லை முதலாளி. உங்கள் பேரில் அம்மனிடம் கொடுக்கப்போகும் வழக்கின் அறிவிப்பு. அதை நீங்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பியதற்குக் காரணம் அந்த மூட்டை. மனசில் குறுகுறுப்பு இல்லாதவன் அந்த வரியைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

அங்கே நான் மிளகாயைத் தொடவில்லை. அரைக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஒருத்தி அழுதுகொண்டே அரைத்தாள். கண் எரிச்சலா, மனசு எரிச்சலா, தெரியவில்லை. என் சம்சாரம் மருந்தும் கயிறும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த இடத்தில் உங்களை நினைத்தேன், உண்மைதான். மூட்டைப் பேச்சை விட்டுவிடலாம், போனதும் பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வந்து பார்த்தால் தராசில் வேறு ஆள்.

"மொளகாய அரைச்சுப் போட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்த?" என்றீர்கள்.

"நான் அரைக்கலீங்க."

"காயிதத்துல இருக்குதல்ல?"

"அதை நான் எழுதலீங்க."

"கைநாட்டு உன்றதா, என்றதா?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். என் சம்சாரத்தின் உடம்பை அவர்கள் முன்னால் எடுத்துப் போட நான் தயாராக இல்லை. நீங்கள் கொஞ்சம் இறங்கி வந்தீர்கள். "செரி, போய் எண்ணெய ஊத்திப் போட்டு வா. பழையபடி நில்லு" என்றீர்கள். ஒரு குடம் எண்ணெய். அதை ஊற்றியிருந்தால் என் தராசு எனக்குத் திரும்பியிருக்கும். ஆனால் அரைக்காத மிளகாய்க்கு எண்ணெய் ஊற்றினால், அரைத்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். "மாட்டேனுங்க" என்றேன். என் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அடுத்து விசைத்தறிக்குப் போனேன். தறிச் சத்தத்தில் பேச்சே தேவைப்படாது, அதுவும் நல்லதாக இருந்தது. எழுத்துப் படித்தது அப்போதுதான். பஸ் பலகை, சினிமா போஸ்டர், சாக்கில் அச்சடித்த பேர் என்று நானே கூட்டினேன். அண்ணனிடம் அந்த நகலைக் கேட்டு வாங்கி வந்து படித்து முடித்தபோதுதான் அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது. அவரிடம் போய்ச் சொன்னேன். "எல்லாருக்கும் அடிக்கறதுதானப்பா" என்றார்.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம், நினைவிருக்கிறதா? உங்கள் தலை வெளுத்திருந்தது. என் சம்சாரம் கூட நின்றாள். என் இடுப்பில் குழந்தை. நீங்களே கிட்ட வந்தீர்கள்.

"உன்ற பேரென்ன அம்மணி?" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டீர்கள்.

"மாசாணி" என்றாள்.

நீங்கள் குழந்தையைப் பார்த்தீர்கள், அவள் அம்மாவைப் பார்த்தீர்கள், கடைசியில் என்னை. உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?"

"நீங்க கேட்டிருக்கலாமல்லங்க?"

"நாளைக்குக் கடைக்கு வா."

"கடையில எல்லாரும் நிக்கறப்போ நீங்க சொல்லோணுங்க, நான் அரைக்கலீன்னு. அப்ப வாரேன்."

ஈரோடு பஸ் வந்தது, நீங்கள் ஏறிவிட்டீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும் வரை எங்களையே பார்த்தீர்கள். ஆள் விட்டுக் கூப்பிடுவீர்கள் என்று நெடுநாள் காத்திருந்தேன். நீங்களும் நான் வருவேன் என்று காத்திருந்ததாக உங்கள் சாவு வீட்டில் உங்கள் சம்சாரம் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டபின் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது கடையைப் பார்ப்பவர் உங்கள் மகன். சந்தை நாளில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "அவர் அரைக்கவில்லை" என்று அவர் சொல்ல வேண்டும். ஒரு முறை போதும். அவரிடம் வேலை செய்கிறவர் யாராவது அடுத்தவர் கையால் லீவுச் சேதி அனுப்பினால், அதைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிட்டு என்னவென்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன், தானாக ஓடும் அந்தக் கடைசி வரியை அடிக்கும் முன் ஒரு நொடி கையை நிறுத்த வேண்டும். என் மகள் மாசாணி இந்த மடலை உங்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், படித்துக் காட்டவும் வேண்டும். இதை வேறு யாரும் எழுதித் தரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது "ஏன் போனாய் கண்ணு?" என்று ஒரு கேள்வி. அதைச் செய்ய இனி ஆளில்லை.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். என் வீட்டுக்கு எதிரே உள்ள கடையில் காலையில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கும்போது, உங்கள் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து நிற்பதை விட வேண்டும். அது மட்டும் இன்னும் முடியவில்லை.