சிரிப்பு வராத கடிதம்

6.9.1998
இன்றும் பால் பொங்கி அடுப்பில். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், திருவிழாக்களில் நகைச்சுவைப் பேச்சாளர், வீட்டில் பால் காய்ச்சத் தெரியாதவன். எதிர்வீட்டு அமிர்தவல்லி, "பரிமளா ஊர்ல இல்லீங்களா?" என்றாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள். கீழப்பழுவூரில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். "ஓஹோ, விருந்துக்கா?" பெரம்பலூரில் எனக்கு அடுத்த பேச்சாளர் இவள்தான்.

7.9.1998
நடந்ததை எழுதிவிடுகிறேன். என் மனைவி பரிமளா முப்பத்தெட்டு வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். கணக்கில் இரண்டு முறை போய்விட்டது. எனக்கும் அவள் தங்கைக்கும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை கோயில் மேடையில் கூட்டம் கொட்டாவி விட்டது. எழுப்புவதற்காக இவள் பரீட்சைக் கதையை எடுத்துவிட்டேன். சிரித்தார்கள் பாருங்கள்! இரண்டாவது வரிசையில் இவள் தலையைக் குனிந்தாள். பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசினேன்.
வீட்டுக்கு வந்து அழுதாள். சண்டை. நான் என்ன சொன்னேன் — வேண்டாம், தூங்கப் போகிறேன்.

8.9.1998
முதல் கடிதம்: "உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள். வேண்டுமென்று சொல்லவில்லை, கூட்டம் தூங்கிவிட்டது. நீ இல்லாமல் பால்கூட என்னை மதிப்பதில்லை."
வாய்விட்டு வாசித்தேன். பழக்கதோஷம், கைதட்டலுக்கு இடம் விட்டு வாசிக்கிறேன்! பால் வரியில் நல்ல சிரிப்பு விழும். யாருக்கு எழுதுகிறேன், பெண்டாட்டிக்கா, கூட்டத்துக்கா? அதென்ன 'புண்பட்டிருந்தால்'? கண்ணால் பார்த்தவன்தானே நான்?
கிழித்தேன்.

9.9.1998
இரண்டாவது கடிதம், மூன்று பக்கம். நான் பாவி, நாயினும் கடையேன், சோறு இறங்கவில்லை. வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது — என்மேல்தான். அவள் இதைப் படித்தால் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அடி வாங்கியவள் அவள், தைலம் எனக்கா?

10.9.1998
எஸ்.டி.டி. பூத்திலிருந்து கீழப்பழுவூருக்குப் பேசினேன். கொழுந்தியாள் சுகன்யா எடுத்தாள்.
"அக்கா பேசாது மாமா. மேடையில சொன்னதக்கூட வுட்டுரும். வூட்டுக்கு வந்து ஒண்ணு சொன்னீங்களாமே?"
"என்னம்மா சொன்னேன்?"
"அதையும் என்கிட்டயே கேளுங்க!" வைத்துவிட்டாள்.
தெரியாதா எனக்கு? 'பாஸ் பண்ணி கலெக்டராவா ஆவப்போற? ஊரே சிரிச்சுது, உனக்குத்தான் சிரிக்கத் தெரியல.' இரண்டு கடிதத்திலும் இந்த வரி இல்லை. மேடையை மட்டும் ஒத்துக்கொண்டு இதை நைசாகத் தாண்டியிருக்கிறேன். கெட்டிக்காரன்.

11.9.1998
மைக்செட் நல்லுசாமி என் பேச்சைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். அழிக்கச் சொன்னேன். "சார், அந்தப் பரீட்சை எடத்துக்காகத்தானே நாலு பேரு கேசட்டு கேட்டாங்க!" நின்று அழித்த பிறகே வந்தேன்.

12.9.1998
இதைத் தபாலில் போட்டேன்:

"பரிமளா, நீ என்னை நம்பிச் சொன்னதை மேடையில் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தேன். நீ தலை குனிந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வீட்டில் அழுதபோது, கலெக்டராவா ஆகப்போகிறாய் என்று கேட்டேன். சிரிக்கத் தெரியவில்லை என்று உன்மேலேயே பழி போட்டேன். உன் படிப்பைக் கேவலப்படுத்தினேன். நான் செய்தது தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன். நல்லுசாமியிடம் இருந்த கேசட்டை அழித்தாயிற்று. வேறு யாரிடமாவது இருக்கிறதா, தெரியாது. இனி உன் விஷயம் எந்த மேடையிலும் வராது. பதில் எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. கணக்குப் புத்தகத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். — ராசாங்கம்."

எழுதும்போது 'ஆனால்' அடிக்கடி வந்து வாசலில் நின்றது. உள்ளே விடவில்லை. கடைசியில் 'சீக்கிரம் வா' என்று எழுதியிருந்தேன். அது எனக்காகக் கேட்பது. வேறு தாளில் அது இல்லாமல் எழுதினேன். ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை. மொட்டையாக இருந்தது, நான் எழுதியது போலவே இல்லை.

19.9.1998
தபால் இல்லை. பதில் வேண்டாம் என்று பெருமையாக எழுதியவன் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

27.9.1998
மறுபடி பூத்துக்குப் போனேன். சுகன்யா பேசினாள். "அக்கா படிச்சுது. ஒண்ணும் சொல்லல. பொஸ்தகத்த எடுத்து வச்சுக்கிச்சு. அரியலூருக்குப் பரீட்சைக்கு நீங்க வர வேணாமாம்."
"சரிம்மா" என்றேன்.

29.9.1998
கணக்குப் பரீட்சை. பஸ் ஸ்டாண்டு வரை போய் அரியலூர் பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

4.10.1998
ஆலத்தியூரில் கூட்டம். "சார், அந்த வூட்டுக்காரம்மா பரீட்சையச் சொல்லுங்க" என்று ஒருவர் கத்தினார். "அது என் சரக்கு இல்லீங்க" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வியர்த்துப்போய் இறங்கினேன்.

11.10.1998
வந்துவிட்டாள். பையை வைத்தாள். "எனக்கு இன்னும் ஆறல" என்றாள். சரி என்றேன். நாக்கு நுனியில் ஒரு ஜோக் துடித்தது, விழுங்கினேன்.
சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, பரீட்சை ஹாலில் நடந்த ஒன்றைத் தானாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். மீதியையும் சொன்னாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இத்தனை வருஷ மேடையில் இப்படி ஒன்று எனக்குச் சிக்கியதில்லை.
என்ன சொன்னாள் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.