விதைப்பந்துக்கு ஒரு அழைப்புப் பாட்டு

மே 6

வனத்துறை நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது ரேஞ்சர் ஒரு வேலையைத் தலையில் கட்டினார். போன வருடம் தீப்பிடித்த மலைச்சரிவில் முதல் மழைக்கு முன்னால் விதைப்பந்து தூவவேண்டும். ஊரில் உள்ள குடும்பங்களைக் கூப்பிடவேண்டும். “நோட்டீஸ் அடிச்சா பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். வேலை செய்யறப்ப எதையாவது பாடிக்கிட்டேதானே இருப்பீங்க? ஒரு பாட்டு கட்டுங்கக்கா.”

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மே 8

வந்துவிட்டது.

களிமண்ணு அஞ்சு பங்கு கல்லில்லாம சலிச்செடு
மக்கின எரு மூணு பங்கு மறக்காம கலந்துவிடு
கோலிக்குண்டு அளவெடுத்து உள்ளங்கையில் உருட்டிவிடு
ஒண்ணுக்குள்ளே ரெண்டு வெத, நெழலுலதான் காயவிடு

அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்பா வந்து மண்ணு குழைக்க, அம்மா வந்து பந்து உருட்ட” என்று அடுத்த அடி தானாக ஓடிவந்தது. மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். “நம்ம வீட்டுல யாரும்மா குழைக்கறது?”

அவர் ஜனவரியில் வீட்டை விட்டுப் போனார். அவருடைய மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைக்கு மேலேயே ஓர் அறை. பெரிய சண்டைகூட இல்லை. பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் பேசாமலே இருந்தோம். அந்த மௌனம் அவருக்குத் தாங்கவில்லை. எனக்கு?

மே 9

உட்கார முடியவில்லை. அரிசி களைந்துவிட்டு அடுப்பில் வைக்க மறந்தேன். அந்த அடியை அடித்துவிட்டு எழுதினேன்:

நாலு பேரா இருந்தா வாங்க
ரெண்டு பேரா இருந்தா வாங்க
ஒத்த ஆளா இருந்தா வாங்க
ஒரு கை மண்ணு இருக்கு, வாங்க!

ரேஞ்சர் தலையைச் சொறிந்தார். “குடும்பத்தைக் கூப்பிடச் சொன்னா…”

“இதுவும் குடும்பந்தான் சார்.”

மே 14

மகள் பாடி போனில் பதிவு செய்தாள். அது ஊர் முழுக்கச் சுற்றுகிறது. நாற்றங்கால் முற்றத்தில் நிற்க இடமில்லை. தடித்த தோல் உள்ள விதைகளைச் சொரசொரப்பான கல்லில் லேசாக உரசிக் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் மழை பட்டாலும் தூங்கிக் கிடக்கும். வெளியூர் முள்மரத்து விதையோடு ஒருவர் வந்தார். அது மற்றதை எல்லாம் தின்றுவிடும் என்று திருப்பி அனுப்பினேன். மனைவியை இழந்த தையல்காரர் தனியாக வந்து ஒரு மூலையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “ஒத்த ஆளுன்னு பாட்டுல இருந்துச்சு. அதான் வந்தேன்.”

மே 22

மேகம் கறுக்கிறது. எல்லோரும் என்னை அரிக்கிறார்கள், இன்றைக்கே வீசிவிடலாமென்று. எனக்குப் பயம். இது கோடை மழையாக இருந்தால்? ஒரு தூறலில் பந்து கரைந்து விதை முளைத்துவிடும், அடுத்த நாள் வெயில் கருக்கிவிடும். பருவமழைக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறது வானிலைச் செய்தி. பொறுங்கள் என்றேன். “பாட்டு பாடிக் கூப்பிட்டுட்டு இப்போ பொறுன்னா என்ன அர்த்தம்?” என்று பின்தெருக்காரர்கள் கோபித்துக்கொண்டு போய் வீசிவிட்டார்கள்.

மே 24

மழை. அரை மணி நேரம். பின்தெரு என்னைப் பார்த்துச் சிரித்தது.

வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். தப்பாகச் சொல்லிவிட்டேனோ?

ஜூன் 1

சரிவுக்குப் போனேன். முளைத்திருந்தது. எல்லாம் கருகிக் கிடந்தது, தொட்டால் உதிர்ந்தது. சொன்னது பலித்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து பாட்டில் இரண்டு அடி கூட்டினேன்:

ஒத்தத் தூறல் நம்பி ஏமாறாதே
ஊரெல்லாம் மேகம் கட்டட்டும்

மகள் மாலையிலேயே பாடி அனுப்பினாள்.

ஜூன் 5

வீசினோம். ஓடைத்தடத்தில் போட்டால் வெள்ளம் அடித்துப் போகும் என்பதால் பாறை இடுக்கிலும் கரிந்த அடிமரத்து நிழலிலும், ஓர் எட்டுக்கு ஒரு பந்தாக. பின்தெருக்காரர்களும் புதிதாக உருட்டிக்கொண்டு வந்தார்கள்; அவர்களுக்கும் இடம் காட்டினேன்.

மேல்சரிவில் அவர். கிரீஸ் கறை போகாத கைகள், ஒரு வாளி பந்து.

“பட்டறைக்கு வந்தவரு போன்ல ஓடுச்சு. நம்ம பொண்ணு குரல்னு உடனே தெரிஞ்சுது.” பிறகு, “வார்த்தை உன்னுதுன்னும் தெரிஞ்சுது.”

“நெழல்லதானே காயவச்சீங்க?”

“பாட்டுல சொன்னபடிதான்.”

மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வீசினாள், வேண்டுமென்றே.

ஜூன் 7

நேற்று சாயங்காலம் மழை பிடித்தது. இன்னும் விடவில்லை.

ஜூன் 25

முளைத்தது கொஞ்சம், முளைக்காதது நிறைய. இதில் அப்படித்தான். எறும்பு கொண்டுபோனது, பாறையில் உருண்டது எல்லாம் போக மீதிதான் மரம். ஆனால் தையல்காரர் வீசிய பாறை இடுக்கில் வரிசையாக நிற்கின்றன, விரல் உயரத்துக்கு. ஆடு மேய வருகிறது, முள் வெட்டி வேலி அடைக்கவேண்டும்.

மத்தியானம் அவர் போன் செய்தார். பேச்சை இழுத்துக்கொண்டே போய், கடைசியில், “நான் வரலாமா?” என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“ஞாயித்துக்கிழமை மலைக்கு வாங்க. முள்ளு வெட்ட அருவா எடுத்துட்டு வாங்க” என்றேன்.