கொண்டை ஊசி வளைவில் ஒரு பீரங்கி

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று மகள் தேவியுடன் ஒரு மணி நேரம் கணினியில் விளையாடினேன். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் சரியாகப் பேசிப் பல வாரம் ஆகிறது. முன்பொரு நாள் அவளுடைய சுடும் ஆட்டத்தில், என் விரல் அசைவதற்குள் செத்துப்போனேன். அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை. இன்று வேறொன்றைத் திறந்தாள்.

"இது டவர் டிஃபென்ஸ்பா. அவசரமே இல்லலா. நிறுத்திட்டு யோசிக்கலாம்."

எதிரிகள் அலை அலையாக ஒரே பாதையில் வருவார்கள்; கடைசி வாசலை எட்டிவிட்டால் நாம் தோற்றோம். பீரங்கி, அம்பு, பனி என்று வகைவகையான டவர்களை, அதாவது கோபுரங்களை, எங்கே வைப்பது என்பதுதான் நம் வேலை. சுடுவதை அவையே பார்த்துக்கொள்ளும். நான் சிம்பாங் பூலாயில் லோரி யார்டுக்குத் திட்டம் போடுகிறவன். அங்கே எந்த லோரியையும் வாசலிலேயே நிறுத்திச் சோதிப்போம்; அந்தப் பழக்கதோஷத்தில் எல்லாப் பீரங்கிகளையும் பாதையின் நுழைவாயிலில் குவித்தேன். வேகமானவர்கள் தாண்டி ஓடிவிட்டார்கள்.

"கேட்டுல செக் பண்ண இது உங்க யார்டு இல்லப்பா!" என்று சிரித்தாள்.

ஆட்டத்தை நிறுத்திப் பாதையைப் பார்த்தேன். நடுவில், கேமரன் மலை ஏறும்போது வருவதுபோல், ஒரு கொண்டை ஊசி வளைவு. அதற்குள் வைத்தால் ஒரே பீரங்கி, எதிரிகள் போகும்போதும் சுடும், வளைந்து திரும்பும்போதும் சுடும். அப்படியே வைத்தேன்; பக்கத்திலேயே அவர்கள் வேகத்தைக் குறைக்கும் பனி டவர். எதிரிகள் அங்கே நெருக்கியடித்தார்கள். ஒரு குண்டுக்கு நாலைந்து பேர் சாய்ந்தார்கள்.

அடுத்த அலை பறந்து வந்தது. பீரங்கி மேலே சுடாது. தோற்கும் முன் தேவி நிறுத்தினாள்.

"அம்பு டவர் எங்க வைக்கிறதுன்னு யோசிச்சு வைங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

எப்படிப் பறந்தாலும் கடைசி வாசலுக்கு வந்துதானே ஆகவேண்டும். அங்கேதான். இடத்தைத் தாளில் வரைந்துவிட்டேன். ஆட்டத்தை அவள் மூடவில்லை, நிறுத்தித்தான் வைத்திருக்கிறாள்.