சடையன் தமிழில் திட்டாத அப்பன்

1945, ஐப்பசி, செவ்வாய் இரவு.

பட்டாளத்திலிருந்து திரும்பிய சடையன், மனசு விட்டுப் பேச மலை ஆஸ்பத்திரிக்கு, டாக்டரான என்னிடம் வருகிறவன். அடித்தே வளர்த்த அப்பனை இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே திட்டுவான்: "பிளடி பாஸ்டர்ட்!" கோபம் வடிகிறது என்று நம்பினேன், நான் ஒரு முட்டாள்.

இன்று கொடுவாளோடு வந்தான். "அப்பனை வெட்டப் போறேனுங்க" என்றான், தமிழில், மரியாதையாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இங்கிலீஷ் வசவு பட்டாளத்தில் கடன் வாங்கியது. அதில் சூடே இருந்ததில்லை; கோபம் வடியவுமில்லை. கதவை மறித்தேன். "வெட்டாதே. அந்தாளைத் தமிழில் திட்டு."

ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது. "பெத்தவனை என் வாயால எப்படிங்க திட்டுவேன்?"

பிறகு திட்டினான். முதல் சொல்லிலேயே கொடுவாளைப் போட்டுவிட்டு அழுதான்.

இனி யார் வந்தாலும், எந்த மொழியில் திட்ட வாய் வரவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கொடுவாள் என் கட்டிலடியில் கிடக்கிறது. நாளை கேட்டு வருவானோ.