தூளிக்கு வந்த லாலி

அன்பு மகள் ஸோயாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பூனை மூர்க்காவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஆதிரையும் நலமாய் இருக்கவேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. சுகோனா ஆறு உறைந்துவிட்டது, ஜனங்கள் அதன்மேல் நடந்தே அக்கரை போகிறார்கள். அப்பாவின் தொண்டைப் புண் ஆறிவிட்டது, ஆனால் குரல் இனி இவ்வளவுதான் என்று வோலக்தா டாக்டர் சொல்லிவிட்டார். காற்றாய்த்தான் பேசுகிறார். நீ வருத்தப்படாதே, அந்தக் காற்றிலேயே என்னைக் கேலி செய்ய அவருக்குத் தெம்பு இருக்கிறது.

உனக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, எழிலன்தான் பிள்ளையைத் தூங்க வைக்கிறார், அவருக்கு ரஷ்ய மொழி வராது என்று நீ எழுதியதும், உன்னைத் தூங்கவைத்த அப்பாவின் பாட்டைத் தமிழில் ஆக்கித் தரும்படி அப்பாதான் கேட்டார். ‘நான் பாடமுடியாது, என் பாட்டாச்சும் அவகிட்ட போகட்டும் காயா’ என்றார், கயல் அவர் வாயில் இன்னும் காயாதான். அனுப்பினேன். மாப்பிள்ளை போனில் தயங்கித் தயங்கி, ‘தப்பா நெனைக்காதீங்க அத்தை, பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா இவ முழிச்சுக்கிட்டு தாளம் போடுறா’ என்றார். அப்பாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்துபோய் விறகு அடுக்க ஆரம்பித்துவிட்டார், சாயங்காலம் வரை உள்ளே வரவில்லை.

முதலில் சொல்லில்தான் கோளாறு என்று எண்ணினேன். மூலத்தில் பனியும் காற்றும் ஆறும் ஒவ்வொன்றாய் வந்து ‘ஓயும்’, ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப. நான் கல்லூரிப் படிப்புக்காரி அல்லவா, ஒரு வரியில் உறங்கும், அடுத்ததில் துயிலும், அப்புறம் அடங்கும் என்று அழகு செய்திருந்தேன். வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்குத் தமிழ் அரைகுறை, காது முழுசு. ‘ஏன் படிக்கட்டுல ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு உயரத்துல கட்டியிருக்கே? புள்ள தடுக்கி விழுமே’ என்றார். எல்லாவற்றையும் ஓயும் என்றே ஆக்கினேன். ‘ஆற்று’ என்ற சொல் நாக்கில் இடறியது, ‘நதி’ என்று மாற்றினேன். வல்லெழுத்து இரட்டித்த இடங்களையெல்லாம் எடுத்து, லகரமும் மகரமும் யகரமும் வழுக்கிக்கொண்டு போகும்படி செய்தேன். அப்படியும் பாட்டு குதித்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பரணிலிருந்து உன் தொட்டிலை இறக்கி, உத்தரத்து வளையத்தில் அந்தப் பழைய பிர்ச் மரக் கழியைச் செருகி, நுனியில் தொங்கவிட்டார். தொட்டிலின் அடியில் தொங்கிய கயிற்று வளையத்துக்குள் பாதத்தை விட்டு அமுக்கினார். கழி வளைந்து நிமிர்ந்தது, தொட்டில் மேலும் கீழுமாய்ச் சின்னச் சின்னதாய் ஆடியது, அவர் பாட்டில் வரிக்கு வரி வருகிற அதே லியூலி, லியூலி. ஸோயா, அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தப் பாட்டின் தாளம் பாட்டில் இல்லை, மரத்தில் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லை மாற்றினேனே தவிர, கழியின் குதிப்பை அப்படியே திருச்சிக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் தூளியோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீளமாய்ப் போய் வருவது.

உடனே என் நூல்சேலை ஒன்றை அதே வளையத்தில் தூளியாய்க் கட்டினேன். புதுத் தொட்டிலில் முதலில் பூனையைப் போடாமல் இங்கே யார் ஆட்டுவார்கள்? மூர்க்காவைத் தூக்கிப் போட்டார் அப்பா. தூளி போகும்போது ஒரு வரி, தானாகத் திரும்பும்போது லாலி. லியூலியை நீட்டினால் நம் லாலியாகவே நின்றது. ஆராரோ போட்டிருந்தால் அது என் அம்மா வீட்டுப் பாட்டாகியிருக்கும், அவர் பாட்டாகாது.

கூரை மேலே பனியும் ஓயும், லாலி லாலி
வேலி மேலே வாடை ஓயும், லாலி லாலி
நதியின் மேலே அலையும் ஓயும், லாலி லாலி
கண்ணின் மேலே இமையும் ஓயும், லாலி லாலி

நான் பாடப்பாட அப்பாவின் உதடு சத்தமில்லாமல் தன் மொழியில் அசைந்தது. இரண்டும் ஒரே வீச்சில் போய் ஒரே வீச்சில் திரும்பின. ஓரிடத்தில்கூட ஒன்று மற்றதை இடிக்கவில்லை. கோயிலில் நிற்பதுபோல் நின்றேன். மூர்க்கா எப்போதோ தூங்கிவிட்டது. ‘பூனை எதுக்கும் தூங்கும், அதை நம்பாதே’ என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையிடம் சொல், ‘மேலே’ என்னும்போது தூளியைத் தள்ளவேண்டும், லாலிக்குக் கை வைக்கக்கூடாது, அது தானே வரட்டும். நான்கு வரியும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடத் தணிவாய். கண் செருகியதும் சொற்களை விட்டுவிட்டு லாலி மட்டும். தூளியைப் பிடித்து நிறுத்த வேண்டாம், தானாய் நிற்கட்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, பால்கொடுக்கிறவள் பட்டினி கிடக்காதே. மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ எங்கள் ஆசி.

ஒன்றை மறக்காதே. எழிலன் இதைப் பாடுகிற முதல் நாள், எங்களுக்குப் போன் போட்டுத் தூளிப் பக்கத்தில் வைத்துவிடச் சொல். இந்தப் பக்கம் யாரும் பேசமாட்டோம். பேசவில்லையே என்று துண்டித்துவிட வேண்டாம். அப்பா பாடிக்கொண்டிருப்பார்.

என்றும் உன் அம்மா,
கயல்விழி