“தெரியலை” என்று நீங்கள் சொன்ன இடம்

அக்கா, இன்று காலை லிட்டில் இந்தியா பக்கம் போனேன். பொங்கல் வருகிறது. கடை வாசலில் மண்பானைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விடியற்காலை மழையில் நனைந்து, எல்லாவற்றிலும் ஈரமண் வாசம். நான் சும்மா போயிருக்க வேண்டியவன். கை கேட்கவில்லை. ஒரு பானையைத் தூக்கி, வாயில் காதை வைத்து, விரலால் சுண்டினேன். சத்தம் தட்டையாக வந்தது. அடுத்ததைச் சுண்டினேன். கடைக்காரப் பையன் ஓடி வந்தான்.

“அங்கிள், பொங்கல் வைக்கத்தானே? சத்தம் எதுக்கு லா?”

“பொங்கலுக்கு இல்ல தம்பி. பேசுதான்னு பாத்தேன்.”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், “விடுங்க தம்பி, அவருக்குப் பானையைக் கண்டா பொண்டாட்டியே மறந்துபோயிடும்” என்று அவனிடம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து உங்கள் மகள் சாந்தியைக் கூப்பிட்டேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நம் வில்லுப்பாட்டுக்குப் பானை வாங்க நாம் இருவரும் அலைந்தது நினைவிருக்கிறதா? கழுத்து ஒடுங்கி வயிறு அகன்ற குடமாக வேண்டும். சுட்டது ஒரே சீராக இருக்க வேண்டும். கீறல் ஒரு மயிரளவு இருந்தாலும் அடி வாங்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். வில் செய்ய இங்கே வைரம் பாய்ந்த பனங்கட்டைக்கு எங்கே போவது? மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பட்டறையில் வேலை பார்த்த உங்கள் வீட்டுக்காரர் இரும்புக் குழாயை வளைத்துச் செய்து கொடுத்தார். மாட்டுத்தோலை முறுக்கி நாண் கட்டினோம். வில்லின் உடம்பு முழுக்க வெண்கல மணி. பழைய புடவையைச் சுருட்டி, அதன் மேல் குடத்தை இருத்தி, குடத்தின் கழுத்தோடு வில்லின் நடு முதுகை இறுகக் கட்டுவேன். அந்தக் கட்டு தளர்ந்தால் ஒன்றும் இல்லை. நீங்கள் இரு கையிலும் வீசுகோல் பிடித்து நாணை அடித்தால், அந்த அதிர்வு வில் வழியே இறங்கிக் குடத்தின் வயிற்றில் போய் உட்கார்ந்து, கும்மென்று வெளியே வரும். கட்டு சரியாக இருந்தால், குடத்தை அணைத்திருக்கும் என் முழங்காலில் அது தெரியும்.

என் வலது கையில் பாக்குமட்டை. மலாய் மொழியில் இந்தத் தீவின் பேரே பாக்கு, மட்டைக்கா பஞ்சம்? விசிறிபோல் வெட்டிய அதைக் குடத்தின் வாயில் அடித்தால் காற்று உள்ளே போய் முனகும். இடது கையில் ஒரு பழைய செப்புக்காசு, அதால் குடத்தின் பக்கவாட்டில் தட்டினால் கிண்கிண் என்று வரும். ஒரே குடத்தில் ஆழமும் சில்லறையும். பக்கத்தில் உடுக்கை மாணிக்கம், அதற்கப்பால் தாளம். நடுவில் நீங்கள்.

ஆனால் எல்லாரும் மறந்துபோகும் ஒரு வாத்தியம் இருக்கிறது. என் வாய். நீங்கள் ஒரு வரி சொன்னதும் “ஆமா” போட வேண்டியவன் நான். வரியின் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், கூட்டத்துக்குப் புரியாததை நான் கேட்க வேண்டும். “நான் கதை சொல்றது கூட்டத்துக்கு இல்ல தம்பி, உங்களுக்கு. கூட்டம் ஒட்டுக்கேக்குது, அவ்வளவுதான்” என்பீர்கள். அதை நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றுச் சில வருடம் கழிந்து உங்களுக்கு மறதி தொடங்கியது. முதலில் அடுப்பு, பிறகு சாவி. ஒருநாள் டத்தோ கிராமாட்டில் உங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை. பாடிக்கொண்டே வந்தவர் ஒரு பேரில் நின்றுவிட்டீர்கள். கோல் தானாக நாணை அடித்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் திறந்தபடி. மாணிக்கம் தரையைப் பார்த்தார்.

அன்று சாந்தி அடுக்களையில் இருந்து வந்து சொன்னாள். இதை எழுதும்போது அவள் முகம் சுருங்குகிறது, ஆனாலும் எழுது என்கிறேன்.

“அம்மா, போதும்மா. கோயில்ல நாலு பேரு முன்னாடி நீங்க முழிச்சுக்கிட்டு உக்காந்தா என்னால பாக்க முடியாது.”

“நாலு பேரா? நானூறு பேரு வருவாங்கடி.”

“அதுதான் சொல்றேன்!”

நீங்கள் வீசுகோலை மடியில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு, “திருவிழாவுல ஒரு இடத்துல கதை அறுந்துச்சுன்னா நானே எழுந்துருவேன். அதுக்கப்புறம் கோலைத் தொடமாட்டேன். ஆனா எழுப்புறது கதையா இருக்கணும், நீயா இருக்கக் கூடாது” என்றீர்கள். சாந்தி சரி என்றாள். உங்களுக்கு எது பயம் என்று எனக்குத் தெரியும். மறதி இல்லை. மறந்தவளைப் பார்த்து “ஐயோ பாவம்” என்று யாராவது சொல்வது.

எனக்குப் படிக்கத் தெரியாததால் நீங்கள் கட்டிய செல்லக்கனி கதை முழுக்க என் தலையில் இருந்தது. கப்பலேறி வந்த அண்ணனைத் தேடித் தங்கச்சி கடல் கடந்து வருகிறாள், தோட்டம் தோட்டமாகக் கேட்டுப் போகிறாள், கடைசியில் ஒரு மரத்தடியில் அவன் மண்மேட்டைக் கண்டு அங்கேயே உட்கார்ந்து தெய்வமாகிறாள். ஆனால் நான் எடுத்துக்கொடுக்க முடியாது. பின்னால் இருந்து வரி சொல்லிக்கொடுத்தால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். என்ன செய்வது என்று கோப்பிக்குப் போட்ட தண்ணீர் கொதித்து வற்றும் வரை யோசித்தேன். பிறகு பட்டென்று விளங்கியது. நான் எடுத்துக்கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும். கேட்பதுதானே என் வேலை.

திருவிழா அன்று அன்னதானம் முடிந்த பகல் நேரம். பந்தலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அதுவும் நல்லதுதான், ஈரக்காற்றில் நாண் தொய்ந்துவிடும், வெயிலில் விறைப்பாக நிற்கும். “தந்தனத்தோம்” என்று நீங்கள் எடுத்ததும் குடம் என் முழங்காலில் பேசியது. காப்புப் பாடி, அவையடக்கம் சொல்லி, கப்பலில் ஏற்றினீர்கள் செல்லக்கனியை. கப்பல் கரைக்கு வந்தது. அங்கே ஒரு தடுமாற்றம். உங்கள் கண் என் பக்கம் திரும்பியது. நான் பாக்குமட்டையை ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கேட்டேன்.

“கப்பல் வந்து நின்னுச்சே அக்கா, கரையில யாரு நின்னா? குடையும் கையுமா அந்தக் கங்காணியா?”

“அவனேதான்! குடை பெருசா, வயிறு பெருசான்னு தெரியாம நின்னான்!”

கூட்டம் சிரித்தது. அதற்குள் கதை உங்கள் கையில் மறுபடியும் ஏறிவிட்டது. இன்னோர் இடத்திலும் அப்படியே. நான் கேட்கிற கேள்விக்குள்ளேயே பதிலை மடித்து வைத்துக் கொடுத்தேன். நீங்கள் பிரித்து எடுத்துக்கொண்டீர்கள். முன்வரிசையில் சாந்தி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த இடம் வந்தது. செல்லக்கனி முதல் தோட்டத்து வாசலில் நின்று தன் அண்ணன் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கோலை ஓங்கினீர்கள். பேர் வரவில்லை. நான் குடத்தை ஓட்டினேன், மாணிக்கம் உடுக்கையைக் கூட்டினார், சுற்று முடிந்தது. கேட்டேன்.

“அந்தத் தோட்டத்து வாசல்ல செல்லக்கனி யாரைக் கேட்டா அக்கா?”

இந்த ஒரு கேள்விக்குள் பேரை வைக்க மறந்துவிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அது கதை சொல்லியின் பார்வை இல்லை. ஒலிபெருக்கியில், பந்தல் முழுக்கக் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னீர்கள்.

“தெரியலை.”

எல்லாம் நின்றது. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். சாந்தி பாதி எழுந்துவிட்டாள். உங்கள் கை வீசுகோலைக் கீழே வைக்கப் போனது. அது தரையைத் தொடுவதற்குள் என் வாய் திறந்தது. யோசித்து அல்ல, குடம் அடித்த பழக்கத்தில்.

“ஆமா! தெரியலைன்னுதான் சொல்லிட்டாங்க அந்தத் தோட்டத்து ஜனங்க! வந்த பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்காம, தெரியலைன்னுட்டாங்க!”

காசால் குடத்தில் ஒரே ஒரு தட்டு. உங்கள் கை நின்றது.

“அடுத்த தோட்டத்துக்குப் போனாளே அக்கா. அங்க என்ன சொன்னாங்க?”

உங்கள் உதட்டில் ஏதோ அசைந்தது. கோலை மறுபடி பிடித்தீர்கள்.

“தெரியலை.”

இந்த முறை நாணோடு சேர்ந்து வந்தது. நாண் அதிர, மணி சிலிர்க்க, குடம் முனக. “ஆத்தோரத் தோட்டத்துல?” என்றேன். “தெரியலை” என்று பாடினீர்கள், இழுத்து, ராகத்தோடு. மாணிக்கமும் தாளக்காரரும் பின்பாட்டாகப் பிடித்துக்கொண்டார்கள். “மலையோரத் தோட்டத்துல?” என்று நான் கேட்கும்போது முன்வரிசைக் கிழவி ஒருத்தி “தெரியலை” என்றாள். அதற்கடுத்துப் பந்தலே சொன்னது. பாயான் லெப்பாஸில் ஷிப்ட் முடித்து வந்த பிள்ளைகள், வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவர், எல்லாரும். தங்கச்சி வாசல் வாசலாக நிற்கிறாள், ஊரே அவளை விரட்டுகிறது. அழாதவர்கள் குறைவு.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் இரண்டு கோலையும் ஒன்றாக ஓங்கி நாணில் இறக்கினீர்கள். “பேச்சிமுத்தூ!” வில்லின் மணி அத்தனையும் ஒரே நேரத்தில் குலுங்கியது. அண்ணன் பேர் வந்துவிட்டது. அங்கிருந்து மண்மேடு வரைக்கும், வாழி பாடி முடிக்கும் வரைக்கும், நான் ஆமா போட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

முடிந்ததும் கோயில் தலைவர் மாலை போட வந்தார். “இந்தத் தெரியலை கட்டம் புதுசா இருக்கே அக்கா, எப்ப சேர்த்தீங்க?” என்றார். நீங்கள் என்னைக் காட்டி, “குடத்துக்காரரைக் கேளுங்க, எனக்குத் தெரியலை” என்றீர்கள். அவர் அதையும் வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். சாந்தி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒப்பந்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

அடுத்தடுத்த திருவிழாக்களிலும் நீங்கள்தான் வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்தீர்கள். “தெரியலை” கட்டம் வந்தால் கூட்டம் முன்கூட்டியே தயாராக இருக்கும். எது மறதி, எது பாட்டு என்று எனக்கே சில சமயம் தெரியாது. ஒரு பகலில், வாழி பாடி முடித்த பிறகு, நீங்களாகவே கோலை மாணிக்கத்தின் மருமகள் கையில் கொடுத்து, “குரல் கனமா இருக்கு உனக்கு, நாணைக் கொஞ்சம் இறுக்கிக்க” என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள். கதை உங்களை எழுப்பவில்லை. யாரும் எழுப்பவில்லை. இப்போது அவள்தான் பாடுகிறாள், நன்றாகவே பாடுகிறாள். நான்தான் குடம்.

கடைசி மாதங்களில் படுக்கையில் உங்களுக்கு என் பேர் தெரியவில்லை. சாந்தியை அம்மா என்று கூப்பிட்டீர்கள். நான் மாலையில் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து செல்லக்கனி கதையைச் சொல்வேன், கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு. நீங்கள் கண்ணை மூடியபடி “ஆமா” போடுவீர்கள். ஒருமுறைகூடத் தாளம் தப்பவில்லை அக்கா. என்னைவிட நன்றாகப் போட்டீர்கள்.

ஒரு சாயங்காலம் மண்மேட்டுக்கு வந்ததும் தாளம் தட்டிய விரலை எடுத்துவிட்டேன். கதையை நிறுத்திவிட்டேன். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்டீர்கள்.

“அப்புறம்?”

உட்கார்ந்து, முடிவு வரைக்கும் சொன்னேன். அன்றிலிருந்து எந்த இடத்தில் நான் நின்றாலும் அந்த ஒரு சொல் என் காதில் கேட்கிறது. கேட்டால் நிறுத்த முடிவதில்லை. இதையும் அதனால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அக்கா. சாந்தி பேனாவைத் தாளில் இருந்து எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவளும் அதையேதான் கேட்கிறாள்.